பேலன்ஸ் ஷீட் போட்டோவிலிருந்து போட்ட ரேஷியோ ஆடிட்டர் எண்ணோடு ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: எங்கள் கம்பெனியின் 31-3-2024 பேலன்ஸ் ஷீட்டை மொபைலில் போட்டோ எடுத்து, ஓ.சி.ஆர். வழியாக எக்செலில் ஏற்றினேன். கரண்ட் ரேஷியோ 1.18, டெட் ஈக்விட்டி 0.68 வருகிறது. ஆடிட்டர் நோட்ஸில் 1.31, 1.57 என்று இருக்கிறது. ஃபார்முலா சரியாகத்தான் போட்டிருக்கிறேன், எங்கே தப்பு? போட்டோவையும் ஷீட்டையும் இணைத்திருக்கிறேன்.

ஆடிட்டர் போட்டதுதான் சரி. உங்கள் விடை இரண்டுமே தப்பு, ஆனால் இரண்டும் வேறு வேறு காரணத்தால் தப்பு. கரண்ட் ரேஷியோவில் ஃபார்முலா சரி, எண்கள் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. டெட் ஈக்விட்டியில் நீங்கள் எடுத்த எண்கள் சரி, கடன் என்று எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்பதில் பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லா எண்களும் லட்ச ரூபாயில், உங்கள் ஷீட்டில் இருப்பது போலவே.

முதலில் கரண்ட் ரேஷியோ. நீங்கள் நடப்புப் பொறுப்புகளுக்கு எடுத்திருக்கும் எண்கள்: ஷார்ட் டெர்ம் பாரோயிங்ஸ் 243.70, ட்ரேட் பேயபிள்ஸ் 188.25, இதர நடப்புப் பொறுப்புகள் 27.40, ஷார்ட் டெர்ம் ப்ரொவிஷன்ஸ் 9.15. இவற்றை SUM போட்டுக் கூட்டி 468.50 என்று வைத்துக்கொண்டீர்கள். ஆனால் போட்டோவில் அந்தப் பகுதிக்குக் கீழேயே துணைக்கூட்டல் அச்சாகியிருக்கிறது, அது 418.50. அந்த வரியை நீங்கள் ஷீட்டில் ஏற்றவே இல்லை. எக்செல்தான் கூட்டிவிடுமே என்று நிறையப் பேர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள், ஆனால் படத்திலிருந்து எண் எடுக்கும் வேலையில் மிகவும் உபயோகமான வரிகள் அந்தத் துணைக்கூட்டல்கள்தான். ஒரு பேலன்ஸ் ஷீட் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள வசதி உள்ள காகிதம், அந்த வசதியைத் தருவதே அச்சான கூட்டல்தான். அதையும் தனி எண்ணாக ஏற்றுங்கள், பக்கத்துக் கட்டத்தில் வித்தியாசத்தைப் போடுங்கள்:

```
=ROUND(SUM(C12:C15)-C16,2)
```

வரி எண்களை உங்கள் ஷீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். லட்சத்தில் முழுமையாக்கிய ஷீட் என்றால் 0.01, 0.02 வித்தியாசம் வரலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை. உங்களுக்கு 50.00 வருகிறது.

இப்போது அந்த 50.00-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், ஏனென்றால் தப்பு எந்த வரியில் என்று அதுவே சொல்லிவிடும். கையால் டைப் அடிப்பவர்கள் எண்களை இடம் மாற்றுவார்கள், 243.70-ஐ 234.70 என்று அடிப்பார்கள், அப்போது வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும் (இங்கே 9.00). கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் வழி அது. ஓ.சி.ஆர். அப்படித் தப்பு செய்வது அபூர்வம், அது ஓர் இலக்கத்தை அதைப் போலத் தெரியும் இன்னோர் இலக்கமாகப் படித்துவிடும். 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும், 0 என்பது 6 ஆகும், 5 என்பது 6 ஆகும். அதனால் வித்தியாசத்தில் ஒரே ஓர் இலக்கம்தான் இருக்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். 50.00 என்றால், ஏதோ ஒரு வரியில் பத்தாம் இடத்து இலக்கம் 5 கூடுதலாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் நான்கு வரிகளில் பத்தாம் இடத்தைப் பாருங்கள். 243.70-இல் 4, 27.40-இல் 2, 9.15-இல் ஒன்றுமே இல்லை. இவற்றில் 5-ஐக் கழிக்க முடியாது. 188.25-இல் 8, அதில் 5 போனால் 3. ஆக ட்ரேட் பேயபிள்ஸ் 138.25-ஆக இருக்க வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 138.25 தான், ஆடிட்டர் சீல் மையின் வளைவு அந்த 3-இன் இடது பக்கத்தை மூடி 8 மாதிரி ஆக்கியிருக்கிறது.

சொத்துப் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். உங்கள் நடப்புச் சொத்துகள்: இன்வென்டரி, அதாவது சரக்கிருப்பு 236.15, ட்ரேட் ரிசீவபிள்ஸ் 248.60, ரொக்கமும் வங்கி இருப்பும் 14.85, ஷார்ட் டெர்ம் லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ் 37.70, இதர நடப்புச் சொத்துகள் 15.50. கூட்டினால் 552.80, அச்சில் இருப்பது 546.80. வித்தியாசம் 6.00, ஒன்றாம் இடத்தில் ஓர் இலக்கம் 6 கூடியிருக்கிறது. இங்கே முன்பு போல ஒரே வரியில் போய் நிற்காது. 236.15-இன் 6 உண்மையில் 0-ஆக இருக்கலாம், 248.60-இன் 8 உண்மையில் 2-ஆக இருக்கலாம், 37.70-இன் 7 உண்மையில் 1-ஆக இருக்கலாம். இப்படி மூன்று வரிகள் சந்தேகத்துக்கு உள்ளானால் ஊகித்து ஒன்றை மாற்றிவிடாதீர்கள், அது கூட்டலைச் சரிக்கட்டும் வேலையாகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நோட் நம்பர் இருக்கிறது அல்லவா, அந்த நோட் பக்கத்தில் அதே தொகை இன்னொரு முறை, விவரத்தோடு அச்சாகியிருக்கும். நீங்கள் இணைத்த நோட்டில் சரக்கிருப்பு 236.15, ரிசீவபிள்ஸ் 248.60, அட்வான்ஸ் 31.70. சரி, தப்பு அட்வான்ஸ் வரியில். 1 என்பது 7 ஆகியிருக்கிறது.

திருத்திய பிறகு கணக்கு:

```
546.80 / 418.50 = 1.31
```

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் மொத்தம் 947.30, சொத்துப் பக்கம் மொத்தம் 903.30, இரண்டும் ஒத்துப்போகாததை நீங்களே பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பாகியிருந்தால், உதாரணமாக இரண்டிலும் ஒரு 3 என்பது 8 ஆகி 50.00 கூடியிருந்தால், ஷீட் அழகாக டேலி ஆகும், ரேஷியோ மட்டும் தப்பாக இருக்கும். அதனால் ஒவ்வொரு பகுதியையும் அச்சான துணைக்கூட்டலோடு ஒப்பிடுங்கள், கடைசியாக அச்சான மொத்தத்தோடு. இங்கே அது 897.30. பங்குதாரர் நிதி 274.35, நீண்டகாலப் பொறுப்பு 204.45, நடப்புப் பொறுப்பு 418.50 சேர்த்தால் 897.30. நிலையான சொத்து முதலானவை 350.50, நடப்புச் சொத்து 546.80 சேர்த்தாலும் 897.30. இப்படி வந்தபிறகுதான் வகுக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

நோட் நம்பர் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பேலன்ஸ் ஷீட்டில் விவரத்துக்கும் தொகைக்கும் நடுவில் அந்த நம்பர் ஒரு தனிப் பத்தியாக நிற்கும். ஓ.சி.ஆர். சில சமயம் அதைத் தொகையோடு ஒட்டிவிடும். நோட் 12-இல் இருக்கும் 236.15 என்பது 12236.15 ஆனால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் நோட் 5-இல் இருக்கும் லாங் டெர்ம் ப்ரொவிஷன்ஸ் 6.80 என்பது 56.80 ஆகிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் உறுத்தாது, வித்தியாசமும் அதே 50.00 தான் வரும். உங்களுக்கு நீண்டகாலப் பகுதியின் துணைக்கூட்டல் ஒத்துப்போனதால் அது இல்லை என்று சொல்ல முடிந்தது. டெசராக்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வார்த்தைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அப்படியே வைத்திருக்கச் சொல்லலாம், பத்திகள் ஒட்டுவது குறையும்:

```
tesseract bs.png bs --psm 6 -c preserve_interword_spaces=1
```

அதைவிட எனக்கு நம்பகமாக இருப்பது, இந்த வருடத் தொகைப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்துத் தனிப் படமாகப் படிக்க வைப்பது. போன வருடப் பத்தி பக்கத்தில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வரியில் இந்த வருடம் வெறும் கோடு போட்டிருப்பார்கள், போன வருடம் தொகை இருக்கும். ஓ.சி.ஆர். கோட்டை விழுங்கிவிட்டு, போன வருடத் தொகையை இந்த வருட இடத்தில் கொண்டு வந்து வைத்துவிடும்.

அடுத்தது டெட் ஈக்விட்டி. நீங்கள் லாங் டெர்ம் பாரோயிங்ஸ் 186.20-ஐப் பங்குதாரர் நிதி 274.35-ஆல் வகுத்திருக்கிறீர்கள், 0.68. பாடப்புத்தகத்தில் நீண்டகாலக் கடனை மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பதால் வந்த பழக்கம் இது, பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 2021 மார்ச்சில் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் இந்த ரேஷியோக்களை நோட்ஸில் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதில் ஆடிட்டர்கள் பொதுவாகப் போடுவது மொத்தக் கடன் வகுத்தல் பங்குதாரர் நிதி. மொத்தக் கடன் என்றால் நடப்புப் பொறுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் ஷார்ட் டெர்ம் பாரோயிங்ஸும் சேர்த்தி.

உங்கள் நோட்டில் அந்த 243.70 எப்படி வந்தது என்று இருக்கிறது. வங்கியின் கேஷ் கிரெடிட் 201.50. டெர்ம் லோனில் அடுத்த 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய தவணைகள் 42.20. இரண்டுமே வட்டி கட்டும் கடன்தான், இரண்டுமே வங்கிக்குத் திருப்பித் தர வேண்டியதுதான். ஆகவே:

```
(186.20 + 243.70) / 274.35 = 429.90 / 274.35 = 1.57
```

ட்ரேட் பேயபிள்ஸை இதில் சேர்க்கவில்லை என்பதைப் பாருங்கள். சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி பொறுப்பு, ஆனால் கடனாக வாங்கிய பணம் இல்லை. மொத்தப் பொறுப்பு 622.95-ஐயும் போட்டு வகுத்தால் 2.27 வரும். அதுவும் பயன்படும் ஒரு அளவுதான், வங்கிக்காரர்கள் மொத்த வெளிப்பொறுப்பு வகுத்தல் நிகர மதிப்பு என்று கிட்டத்தட்ட அதைத்தான் தனியாகப் பார்ப்பார்கள், ஆனால் அதை டெட் ஈக்விட்டி என்று எழுதக் கூடாது. ஒரே ஷீட்டிலிருந்து 0.68, 1.57, 2.27 என்று மூன்று விடைகள் வருகின்றன, மூன்றிலும் கூட்டல் சரி. முன்பு சொன்ன டேலி சோதனைகள் எதுவும் இந்தத் தப்பைக் காட்டாது, ஏனென்றால் எந்த எண்ணும் தப்பாகப் படிக்கப்படவில்லை. இதற்கு ஒரே வழி, ரேஷியோ நோட்டில் மேலே என்ன, கீழே என்ன என்று எழுதியிருப்பார்கள், அதை முதலில் படிப்பது. அதைக் காட்ட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உள்ள விதிதான்.

பழைய வருடங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்கு முன்பு, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய அந்த டெர்ம் லோன் தவணையை ஷார்ட் டெர்ம் பாரோயிங்ஸில் காட்ட மாட்டார்கள், இதர நடப்புப் பொறுப்புகளில் காட்டுவார்கள். உங்கள் கம்பெனியையே அந்தப் பழைய முறையில் எழுதினால் ஷார்ட் டெர்ம் பாரோயிங்ஸ் 201.50 ஆகக் குறையும், இதர நடப்புப் பொறுப்பு 27.40 என்பது 69.60 ஆகும். நடப்புப் பொறுப்பின் கூட்டல் மாறாது, அதனால் கரண்ட் ரேஷியோ அதே 1.31. ஆனால் பேலன்ஸ் ஷீட்டின் முகப்புப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, பாரோயிங்ஸ் என்று பெயருள்ள இரண்டு வரிகளை மட்டும் கூட்டினால் கடன் 387.70, ரேஷியோ 1.41 என்று வந்துவிடும். 2019-20-இல் 1.41, 2023-24-இல் 1.57, கடன் ஏறிவிட்டது என்று ஒரு கதை கிளம்பும், உண்மையில் ஒன்றுமே மாறியிருக்காது. ஆகவே அந்த வருடங்களுக்கு இதர நடப்புப் பொறுப்புகளின் நோட் பக்கத்தையும் போட்டோ எடுங்கள்.

கரண்ட் ரேஷியோ 1.18-ஆ 1.31-ஆ என்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள், வங்கியில் உட்கார்ந்தால் தெரியும். ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த டாண்டன் கமிட்டி சொன்ன இரண்டாவது முறையில், நடப்புச் சொத்தில் கால் பங்காவது நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும். 100 ரூபாய் நடப்புச் சொத்துக்கு 75 ரூபாய்தான் நடப்புப் பொறுப்பு, அதனால் 1.33. இன்றைக்கும் பல வங்கிகளில் வொர்க்கிங் கேபிடல் பேசும்போது அந்த 1.33 மேஜையில் வரும். உங்களுக்கு 546.80-இல் கால் பங்கு 136.70 வேண்டும், கையில் இருப்பது 546.80-க்கும் 418.50-க்கும் உள்ள வித்தியாசமான 128.30. ஆக 8.40 லட்சம் குறைகிறது, உரிமையாளர்கள் பேசித் தீர்க்கக்கூடிய தொகை. உங்கள் தப்பான எண்களில் இதே கணக்கைப் போட்டால் 53.90 லட்சம் குறைகிறது என்று வரும். சீல் மை பட்ட ஒரு 3-உம், 7-ஆகப் படிக்கப்பட்ட ஒரு 1-உம் செய்த வேலை அது.

உங்கள் ஷீட்டில் இல்லாத, ஆனால் வேறு கம்பெனிகளுக்கு இதைச் செய்யும்போது கட்டாயம் வரப்போகும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே ஒரு முறை இதில் ஏமாந்து, பிரின்ட் போட்டுக் கையெழுத்துக்குப் போகும் நேரத்தில்தான் பிடித்தேன். நஷ்டத்தில் இருக்கும் கம்பெனியில் ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ் தொகை அடைப்புக்குறிக்குள் இருக்கும், அது கழித்தல். பங்கு மூலதனம் 100.00, ரிசர்வ்ஸ் (38.20) என்றால் பங்குதாரர் நிதி 61.80. ஓ.சி.ஆர். மெல்லிய அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அது 138.20 ஆகிவிடும். கடன் 150.00 என்று வைத்துக்கொண்டால் உண்மையான ரேஷியோ 2.43, நமக்குக் கிடைப்பது 1.09. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, துணைக்கூட்டலோடு வரும் வித்தியாசத்தை இரண்டால் வகுப்பது. 76.40-இல் பாதி 38.20, அது அப்படியே ஒரு வரியின் தொகையாக இருந்தால் கழித்தல் குறி தொலைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சில சமயம் அடைப்புக்குறி 1-ஆக மாறி 138.20 என்று அந்த வரியிலேயே வந்துவிடும், அப்போது இந்தப் பாதிக் கணக்கு வேலை செய்யாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும். நஷ்டம் மூலதனத்தையே தாண்டிவிட்டால் பங்குதாரர் நிதி கழித்தலில் போய்விடும், அந்த நிலையில் டெட் ஈக்விட்டி என்று ஓர் எண்ணைப் போடவே போடாதீர்கள், நிகர மதிப்பு எதிர்மறை என்று எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் லாங் டெர்ம் பாரோயிங்ஸ் 186.20-இல் 60.00 டைரக்டர்கள் போட்ட கடன் என்று நோட்டில் இருக்கிறது. வங்கிக் கடன் இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க மாட்டோம் என்று டைரக்டர்கள் எழுதிக் கொடுத்தால், சில வங்கிகள் அதைக் கடனிலிருந்து எடுத்து மூலதனத்தோடு சேர்த்துக் கணக்கிடும். அப்போது 369.90 வகுத்தல் 334.35, அதாவது 1.11. வங்கி மேனேஜர் 1.11 என்று சொன்னால் குழம்ப வேண்டாம், அது அவருடைய கணக்கு. உங்கள் அறிக்கையில் 1.57 என்றே போடுங்கள். அந்தக் கடிதம் ஃபைலில் இருந்தால், 1.11-ஐக் கீழே தனி வரியாக, எந்தத் தொகையை எங்கே மாற்றினீர்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள்.

போன வருடப் பத்திக்கும் இதே சோதனைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் ஏதாவது வந்தால் நோட் பக்கங்களின் போட்டோவையும் சேர்த்துப் போடுங்கள், பார்க்கிறேன். சீல் இல்லாத பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.